பெண்கள் ஹெல்ப்லைனுக்கு ஸ்லோகன்: தாராவி அனுபவத்துல இருந்து

கேள்வி: எங்க ஏரியால பெண்களுக்கு ஒரு ஹெல்ப்லைன் ஆரம்பிக்கிறோம். பயமில்லாம கூப்பிடலாம், சீக்கிரம் உதவி கிடைக்கும், விஷயம் வெளிய போகாது, இந்த மூணும் தெரியற மாதிரி ஸ்லோகன் எப்படி எழுதறது?

மும்பைல தாராவில இருக்கேன், இங்க ஒரு சின்ன அமைப்போட ஹெல்ப்லைன்ல நாலு வருஷமா போன் எடுக்கறேன். நாங்களும் முதல்ல எழுதினது "கொடுமையைச் சகிக்காதே, தயங்காமல் அழை, ரகசியம் காக்கப்படும்"னு தான். போஸ்டர் அடிச்சு கேட் பக்கத்துல ஒட்டினோம், ஒரு மாசம் ஆகியும் அதைப் பாத்துட்டு கூப்பிட்டேன்னு ஒருத்தர் கூட சொல்லல.

அப்புறம் தான் குழாயடியில உக்காந்து பெண்கள்கிட்டயே கேட்டோம். ஒரு அக்கா சொன்னாங்க, "எனக்கு கொடுமைலாம் ஒண்ணும் இல்லம்மா, குடிச்சா மட்டும் கை நீட்டுவாரு"ன்னு. அவங்க மனசுல கொடுமைன்னா சூடு வைக்கறது, மண்ணெண்ணெய் ஊத்தறது, அதனால அந்த போஸ்டர் வேற யாருக்கோன்னு நினைச்சிருக்காங்க. இன்னொரு பொண்ணுக்கு ரகசியம்ங்கற வார்த்தையே பிடிக்கல, "ரகசியமா யார்கூட போன்ல பேசினேன்னு தான் என் வீட்டுக்காரர் கேப்பாரு"ன்னா. புகார்னு எழுதினா போலீஸ் வீட்டுக்கு வந்துரும்னு பயப்படறாங்க. கொடுமை, ரகசியம், புகார் இந்த மூணு வார்த்தையும் இல்லாம "வீட்ல நிம்மதி இல்லையா?"ன்னு ஆரம்பிச்சோம், ஏன்னா இங்க பெண்கள் ஒருத்தருக்கொருத்தர் பேசிக்கறதே அப்படித்தான்.

ஆனா பெரிய பாடம் திரும்பக் கூப்பிடறதுல தான் கிடைச்சது. மிஸ்டு கால் குடுங்க, நாங்க கூப்பிடறோம்னு நல்ல எண்ணத்துல தான் போட்டோம், காசு செலவாகாதேன்னு. ஒரு பொண்ணு மத்தியானம் மிஸ்டு கால் குடுத்தா, எங்க ஆள் சாயங்காலம் ஏழு மணிக்கு திரும்பக் கூப்பிட்டாங்க, எடுத்தது புருஷன். யாருடி இதுன்னு அன்னைக்கு ராத்திரி பெரிய சண்டை. பத்துக்குப் பன்னெண்டு அடி ரூம்ல மாமியார், புள்ளைங்க எல்லாரும் ஒண்ணா இருக்கற இடத்துல ஒரு போன் அடிச்சாலே எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க, நாங்க இதை யோசிக்கவே இல்ல, இன்னைக்கும் எனக்கு அது வலிக்குது. அதுக்கப்புறம் மிஸ்டு கால் முறையையே நிறுத்திட்டோம், திரும்பக் கூப்பிட மாட்டோம்ங்கற வாக்கையே ஸ்லோகன்ல போட்டுட்டோம்:

"வீட்ல நிம்மதி இல்லையா? பேர் சொல்ல வேண்டாம். ஒரு அக்கா எடுப்பாங்க. நாங்களா திரும்பக் கூப்பிட மாட்டோம்."

கீழ நம்பரும், 11ல இருந்து 4 மணி வரைன்னும் இருக்கும். வீட்டு ஆம்பளைங்க வேலைக்குப் போயிருக்கற நேரம் அது. "உடனே உதவி"ன்னு போடல, ஏன்னா போன் எடுக்கறது நாங்க ரெண்டே பேர், ரெண்டு லைனும் பிஸியா இருந்தா அந்த வார்த்தை பொய்யாயிடும், அப்படி ஒரு தடவை ஏமாந்தவங்க மறுபடி கூப்பிடறது இல்ல. நேரத்தை சொல்லி அந்த நேரத்துல கட்டாயம் எடுக்கறது தான் எங்களால முடிஞ்ச வேகம். அப்பவே அடி விழுதுன்னா 112, அதை தனியா பெருசா போட்டுருங்க. அரசோட பெண்கள் ஹெல்ப்லைன் 181ம் பக்கத்துல இருக்கட்டும், மூணு இலக்கம் தானே, மனசுல நிக்கும், போன்ல சேவ் பண்ண வேண்டாம்.

"யார்கிட்டயும் சொல்ல மாட்டோம்"னு மட்டும் எழுதாதீங்க. பேசறது 18 வயசுக்குள்ள இருக்கற பொண்ணா இருந்து பாலியல் கொடுமை நடந்திருக்குன்னு தெரிஞ்சா போக்சோ சட்டப்படி நாம போலீஸ்ல சொல்லியே ஆகணும். "பேர் சொல்ல வேண்டாம்"ங்கறது நாம காப்பாத்தக்கூடிய வாக்கு, அதுவே போதும்.

ஒட்டற இடமும் ஸ்லோகன்ல பாதி. கேட்ல நின்னு படிச்சா நாலு பேர் பாப்பாங்க, அதனால பொதுக் கழிப்பறைல பெண்கள் பக்கம் கதவுக்கு உள்பக்கமா ஒட்டினோம், அங்க மட்டும் தான் அவங்க தனியா இருக்காங்க. இங்க நிறைய பொண்ணுங்க ஹிந்தி, மராத்தி மீடியத்துல படிச்சவங்க, தமிழ் பேசுவாங்க, எழுத்து தெரியாது, அதனால அதே வாசகம் ஹிந்திலயும் பக்கத்துல இருக்கு.

உங்க ஸ்லோகனை முடிவு பண்றதுக்கு முன்னாடி எழுதிக் காட்டாம, ஒரு பத்து பேருக்கு வாயால ஒரே ஒரு தடவை சொல்லுங்க, மறுநாள் போய் என்ன ஞாபகம் இருக்குன்னு கேளுங்க. எங்ககிட்ட பாதிக்கு மேல "திரும்பக் கூப்பிட மாட்டாங்களாமே"ன்னு அதைத் தான் முதல்ல சொன்னாங்க. போன் எடுக்கறவங்களுக்கும் ஒண்ணு சொல்லிக் குடுத்துருங்க, வைக்கறதுக்கு முன்னாடி "கால் லிஸ்ட்ல இருந்து இந்த நம்பரை அழிச்சிருங்கம்மா"ன்னு சொல்லிட்டு, அவங்க சரின்னு சொன்னப்புறம் தான் வைக்கணும்.