முன்பணம், தவணை: யாருடைய பணம் எவ்வளவு வெளியே நிற்கிறது?

கேள்வி: ஐந்து வார வெப்சைட் வேலை. பாதி முன்பணம், மீதி முடிந்ததும் என்றேன். கிளையன்ட் தயங்குகிறார். வேறு எப்படிப் பிரிக்கலாம்?

அவர் தயக்கத்தில் நியாயம் உண்டு. மொத்தத் தொகை 100, வாரத்துக்கு 20 அளவு வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாளில் அவருடைய 50, கைக்கு எதுவும் வராமலே வெளியே நிற்கிறது. ஐந்தாம் வார முடிவில் நிலைமை தலைகீழ்: நீங்கள் 100-க்கும் உழைத்திருப்பீர்கள், கையில் இருப்பது 50தான்.

இப்படிப் பிரித்துப் பாருங்கள். முன்பணம் 25. இரண்டாம் வார முடிவில் டிசைனுக்கு ஒப்புதல் கிடைத்ததும் 25. மூன்றாம் வாரம் முக்கியப் பக்கங்கள் டெஸ்ட் சர்வரில் ஓடியதும் 20. நான்காம் வாரம் மீதிப் பக்கங்களும் ஃபார்ம்களும் வந்ததும் 15. ஒப்படைக்கும்போது 15. உங்களுக்கு வரவேண்டியது எந்த வாரமும் 15-ஐத் தாண்டாது. அவர் கூடுதலாகக் கொடுத்து வைத்திருப்பதும் முதல் நாளின் 25-தான் உச்சம். தவணைகள் அதிகம் என்று மூன்றையும் நான்கையும் சேர்த்து ஒரே 35 ஆக்கினால், நான்காம் வார முடிவில் உங்கள் நிலுவை 30 ஆகிவிடும்.

ஒரு தவணை வராமல் அடுத்த கட்டத்தைத் தொடங்கினால் இந்தக் கணக்கு எதுவும் நிற்காது.

கேள்வி: கடைசித் தவணை ‘சைட் லைவ் ஆனதும்’ என்று எழுதினோம். வேலை முடிந்து ஒரு மாதம் ஆகிறது. கிளையன்ட் இன்னும் படங்களே தரவில்லை.

பணத்தை அவர் கையில் இருக்கும் காரியத்தோடு முடிச்சுப் போட்டதுதான் கோளாறு. ‘திருப்தியானதும்’ என்று எழுதுவது இதைவிட மோசம். அடுத்த முறை இப்படி எழுதுங்கள்: டெஸ்ட் சர்வரில் ஒப்படைத்த 7 நாளுக்குள் எழுத்தில் திருத்தம் வராவிட்டால் ஏற்றுக்கொண்டதாகும். அது அவருக்கும் நியாயமாக இருக்க, எத்தனை பக்கங்கள், எந்த ஃபார்ம் எந்த மெயிலுக்குப் போகவேண்டும், எத்தனை சுற்றுத் திருத்தம் என்ற பட்டியல் கூடவே வேண்டும். இப்போதைக்கு, தவணையைத் தந்துவிடுங்கள், படங்கள் வந்ததும் கூடுதல் கட்டணமின்றி ஏற்றித் தருகிறேன் என்று எழுதிக் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: நான் கிளையன்ட். முன்பணம் ‘திருப்பித் தரப்படாது’ என்கிறார். சம்மதிக்கலாமா?

அந்த ஒற்றை வரிக்கு மட்டும் வேண்டாம். முன்பணம் எந்த வேலைக்கு என்று எழுதி வாங்குங்கள். மேலே உள்ள கணக்கில், முதல் வாரம் முடிந்ததும் நீங்கள் நிறுத்தினால் 20 அவருக்கு. 5 உங்களுக்குத் திரும்பும், அதுவரை செய்த டிசைனும் உங்களுக்கு வரவேண்டும். அவர் விலகினால் ஒப்படைக்காத வேலைக்கான பணம் எத்தனை நாளில் திரும்பும் என்பதையும் குறியுங்கள். சோர்ஸ் ஃபைல்கள் கடைசித் தவணைக்குப் பிறகுதான் என்று அவர் சொன்னால் அது முறைதான். டொமைனும் ஹோஸ்டிங்கும் மட்டும் முதல் நாளிலிருந்தே உங்கள் பெயரில் இருக்கட்டும்.