நேரே என்ன இருக்கிறது? – வாசகர் கடிதம்

அன்புள்ள ஐயா,

பழைய வேதியியல் நூல் ஒன்றை மின்நூலாக்கிக்கொண்டிருக்கிறேன். அதில் இரண்டு அட்டவணைகள் என்னைப் படுத்துகின்றன. ஒன்று உப்புகளின் கரைதிறன் அட்டவணை. தலைப்பே மூன்று அடுக்கு, நடுநடுவே பெரிய அடைப்புக்குறிகள். இன்னொன்று மெண்டலீவின் 1869 அட்டவணை. அதில் தலைப்பே இல்லை, பாதி வெற்றிடம். இரண்டையும் படமாகவே போட்டுவிட்டு, ‘தனிம அட்டவணை’ என்பதுபோல் ஒரு வரி விளக்கம் கொடுத்தால் போதுமா? எத்தனை கட்டங்கள் இணைந்திருந்தால் ஓர் அட்டவணையைக் கைவிடலாம்? படத்தின் அளவு என்ன இருக்க வேண்டும்?

க.

அன்புள்ள க.,

படத்தின் அளவைப் பற்றி அதிகம் கவலைப்படாதீர்கள். பெரிதாக்கினாலும் எழுத்து சிதையாத ஒளிவருடல் போதும். PNG ஆகச் சேமியுங்கள். JPEG எழுத்தின் ஓரத்தில் அழுக்கு சேர்க்கும். இணைந்த கட்டங்களை எண்ணுவதையும் விட்டுவிடுங்கள். எண்ணிக்கை எதையும் தீர்மானிப்பதில்லை.

கரைதிறன் அட்டவணையைப் படமாகப் போட நினைத்தது அலுப்பினால்தான் என்று நினைக்கிறேன். அந்த அலுப்பு எனக்கும் தெரியும், ஆனாலும் இதை ஒப்புக்கொள்ள மாட்டேன். அதில் எந்த எண்ணின் மேல் விரல் வைத்தாலும், எந்த உப்பு, எந்தக் கரைப்பான், எந்த வெப்பநிலை என்று மூன்று கேள்விக்கும் பதில் வருகிறது. பதில் வரும்வரை அது எத்தனை கோணலாக அச்சாகியிருந்தாலும் அட்டவணைதான். மூன்றடுக்குத் தலைப்பை ஒரே அடுக்காக்கி ‘நீர், 20 பாகை’ என்று எழுதலாம். கரைப்பானுக்கு ஒன்றாக இரண்டு அட்டவணையாகவும் பிரிக்கலாம். அடைப்புக்குறி மூன்று உப்புகளைச் சேர்த்து ‘கரையாது’ என்றால் மூன்று வரிசையிலும் ‘கரையாது’ என்றே எழுதுங்கள், பொருள் மாறாது. வேறு ஏதாவது அட்டவணையில் அந்தக் குறிக்கு நேரே இருப்பது மூன்றின் கூட்டுத்தொகை என்றால் மட்டும் அப்படிச் செய்யக் கூடாது. மூன்று முறை எழுதினால் கணக்கு பொய்யாகிவிடும். அங்கே `rowspan` போட்டு ஒரே கட்டமாக விடுங்கள்.

மெண்டலீவுக்கு வருகிறேன். உங்கள் கடிதத்துக்குப் பதில் எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

பல ஆண்டுகளுக்கு முன் பார்வையற்ற நண்பர் ஒருவருக்கு வேதியியல் பாடங்களை வாசித்துக் காட்டிவந்தேன். சாதாரண அட்டவணை வந்தால் சிரமமே இல்லை. பொருளின் பெயர், அதன் அடர்த்தி, உருகுநிலை என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போவேன், அவர் குறித்துக்கொள்வார். மெண்டலீவின் அட்டவணை வந்த அன்று அந்த முறை கைகொடுக்கவில்லை. ‘Ti = 50, Zr = 90, கேள்விக்குறி 180’ என்று முதல் வரிசையைப் படித்தேன். “இது என்ன, பெயர்ப் பட்டியலா?” என்றார். நெடுவரிசையின் தலைப்பு என்ன என்று கேட்டார். தலைப்பு இல்லை என்றேன். “அப்ப படிக்காத. எதுக்கு நேரே எது இருக்குன்னு சொல்லு” என்றார்.

சொன்னேன். கார்பன் 12. அதற்கு நேரே வலப்பக்கம் சிலிக்கான் 28. அதற்கும் வலப்பக்கம் ஒரு கேள்விக்குறி, 70. அதைத் தாண்டி வெள்ளீயம் 118. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அப்ப சிலிக்கானுக்கும் வெள்ளீயத்துக்கும் நடுவுல ஒருத்தன் இருக்கணும்னு சொல்றாரு” என்றார். அந்த அட்டவணையின் சாரம் அதுதான். மேலிருந்து கீழே வந்தால் அணு எடை ஏறும், இடமிருந்து வலம் போனால் உறவு தெரியும். இதை எந்தத் தலைப்பும் சொல்லவில்லை. இடம்தான் சொல்கிறது.

கட்டம் போட்டுப் பாருங்கள். 6 நெடுவரிசை, 19 வரிசை, ஆக 114 கட்டம். அதில் நிரம்புவது 66. திரையில் உள்ளதை உரக்கப் படித்துக்காட்டும் திரைவாசிப்பான் வைத்திருப்பவர் முதல் கட்டத்தில் நுழைந்ததும் ‘வெற்று, வெற்று, வெற்று’ என்று கேட்பார். ஏழாவது வரிசையில்தான் H = 1. தலைப்புக் கட்டங்கள் இல்லாததால் Zn = 65.2 இல் நின்றால் ‘வரிசை 8, நெடுவரிசை 4’ என்பதற்கு மேல் கருவிக்கு எதுவும் தெரியாது. தெரிய வேண்டுமென்றால் நீங்கள் தலைப்பை இட்டுக்கட்ட வேண்டும். மெண்டலீவ் எழுதாத தலைப்பை மெண்டலீவின் பக்கத்தில் எழுத உங்களுக்கு உரிமையில்லை. ஆகவே இது படம்தான்.

ஆனால் ‘தனிம அட்டவணை’ என்று ஒரு வரியா? க., கோபம் வருகிறது. பார்க்க முடிந்தவருக்கு 66 உருப்படிகளும் அவற்றின் உறவும், பார்க்க முடியாதவருக்கு இரண்டு சொல்லா? படமாக்குவது வேலையைக் குறைக்கும் வழி என்றே எல்லோரும் நினைக்கிறார்கள். ஒழுங்காகச் செய்தால் அட்டவணை போடுவதைவிட இதில்தான் வேலை அதிகம். படத்துக்குள் தேட முடியாது, நகலெடுக்க முடியாது, சிறிய திரையில் அது மடங்கி வராது. அந்த இழப்பு முழுவதையும் விளக்கம்தான் ஈடுகட்ட வேண்டும்.

அதனால்தான் விளக்கத்தை முதலில் எழுதச் சொல்கிறேன். படமா அட்டவணையா என்ற முடிவுக்கு முன்பே, நண்பருக்குத் தொலைபேசியில் சொல்வதுபோல எழுதுங்கள். ‘இன்ன உப்பு, இன்ன கரைப்பானில், இவ்வளவு’ என்று ஒரே அச்சில் வாக்கியங்கள் வந்துகொண்டே இருந்தால் நிறுத்திவிட்டு அட்டவணையாக்குங்கள். நீங்கள் எழுதிக்கொண்டிருப்பதே அட்டவணைதான். ‘நேரே’, ‘நடுவில்’, ‘சற்று மேலே’, ‘தனியாக’ போன்ற சொற்கள் இல்லாமல் வாக்கியம் நகர மறுத்தால் மட்டும் படத்தை வையுங்கள். எழுதியதும் வீணாகாது, அதுவே படத்தின் விளக்கம்.

அதை, படத்துக்குப் பதிலாகத் திரைவாசிப்பான் படிக்கும் `alt` க்குள் திணிக்காதீர்கள். அங்கே பத்தி பிரிக்க முடியாது, பட்டியல் போட முடியாது. கேட்பவர் வேண்டிய இடத்துக்குத் திரும்பிப் போகவும் வழியில்லை. நீண்ட விளக்கத்துக்கென்றே `longdesc` என்று ஒன்று இருந்தது, HTML5 இல் அது வழக்கொழிந்துவிட்டது. `alt` இல் ஒரு வரி, முழு விளக்கம் படத்துக்குக் கீழே எல்லோர் கண்ணிலும் படும்படி:

```
<figure>
  <img src="1869.png"
    alt="மெண்டலீவின் 1869 தனிம அட்டவணை. முழு விளக்கம் கீழே.">
  <figcaption>மெண்டலீவ், 1869</figcaption>
</figure>
<p>மேலிருந்து கீழே அணு எடை ஏறுகிறது…</p>
```

விளக்கத்தின் முதல் பத்தியில் எந்தத் திசையில் எதைப் படிக்க வேண்டும் என்று சொல்லுங்கள். அடுத்து ஆறு நெடுவரிசைகளையும் ஆறு பட்டியலாகக் கொடுங்கள், ஓர் உருப்படிகூட விடாமல். பிறகு உறவு தெளிவாகத் தெரியும் வரிசைகளைத் தனியே சொல்லுங்கள்: லித்தியம், சோடியம், பொட்டாசியம், ருபீடியம், சீசியம் ஒரே நேர்க்கோட்டில் வருவதையும், கார்பன் வரிசையில் உள்ள இடைவெளியையும். ஹைட்ரஜன் தன் வரிசையின் இடது ஓரத்தில் ஒதுங்கி நிற்பதையும் குறிப்பிட வேண்டும்.

அச்சில் உள்ளதைத் திருத்த வேண்டாம். யுரேனியம் அங்கே Ur = 116 என்று இருக்கிறது. இன்றைய மதிப்பு 238, இருந்தாலும் விளக்கத்தில் 116 தான் வர வேண்டும். அயோடினுக்கு J என்றால் J தான். ‘? = 70’ இருக்கும் இடத்தில் ஜெர்மானியம் என்று எழுத உங்கள் கை துடிக்கும். அது கண்டுபிடிக்கப்பட்டது 1886 இல். விருப்பமிருந்தால் பதிப்பாளர் குறிப்பு என்று பிரித்துக் கீழே எழுதிக்கொள்ளுங்கள். விளக்கத்துக்குள் அது கேள்விக்குறியாகவே இருக்கட்டும்.