சங்ககிரிக்காரருக்கு எந்த பாடி லாரி?

கேள்வி: எனக்கு 34 வயது, ஊர் சங்ககிரி. அப்பா லாரி ஓட்டியவர். சேலத்தில் இருந்து நாசிக் பக்கம் ஜவ்வரிசி லோடு தருவதாக ஒரு புக்கிங் ஆபீஸ் சொல்கிறது. கையில் 12 லட்சம் இருக்கிறது. கடன் போட்டுப் புது பத்து சக்கர வண்டி எடுக்கலாம் என்று இருக்கிறேன். அப்பா ஓப்பன் பாடி போதும் என்கிறார். நண்பர் கன்டெய்னர் பாடி கட்டச் சொல்கிறார். மச்சான் குளிர்பெட்டி வைத்த ரீஃபர் வண்டிதான் லாபம் என்கிறார். டேங்கர் ஓட்டினால் மாத வருமானம் நிச்சயம் என்றும் சொல்கிறார்கள். எதில் பணத்தைப் போடலாம்?

பதில்: உங்கள் அப்பா சொல்வதுதான் சரி. ஆனால் கணக்கைப் பார்த்துவிட்டு ஒத்துக்கொள்ளுங்கள், அப்பா சொன்னார் என்பதற்காக வேண்டாம்.

பாடியைத் தேர்ந்தெடுக்கும் முன் உங்கள் சரக்கில் வண்டியின் எடை முதலில் நிறையுமா, இடம் முதலில் நிறையுமா என்று பாருங்கள். பத்து சக்கர வண்டிக்குச் சட்டப்படி மொத்த எடை 28 டன். ஓப்பன் பாடியோடு வெற்று வண்டி ஒன்பதரை, பத்து டன் வரும். ஆக, சரக்கு சுமார் 18 டன். ஜவ்வரிசி மூட்டையை அடுக்கினால் ஆறடி உயரம் வரும்போதே அந்த 18 டன் முடிந்துவிடும். அதற்கு மேல் எவ்வளவு உயரமான பெட்டி கட்டினாலும் உள்ளே இருப்பது காற்றுதான். கன்டெய்னர் மாதிரி மூடிய பாடி ஓப்பனைவிட ஒன்றரை டன் வரை கூடுதல் எடை என்பதால், அந்த அளவுக்கு லோடும் குறையும். திருப்பூர் பனியன், கூரியர், ஆன்லைன் பார்சல் மாதிரி இடத்தை அடைத்துக்கொண்டு எடை குறைவாக இருக்கும் சரக்குக்குத்தான் மூடிய வண்டி. அதனால்தான் 32 அடி சிங்கிள் ஆக்சில் கன்டெய்னரை ஏழு டன் வண்டி என்றே பேசுகிறார்கள்.

அடுத்தது, லோடு எப்படி ஏறுகிறது என்பது. ஓப்பன் பாடியில் பக்கப்பலகையை இறக்கினால் ஆட்கள் மூன்று பக்கமும் நின்று ஏற்றலாம். கம்பி, காயில் என்றால் கிரேன் மேலிருந்தே இறக்கும். மூடிய பாடிக்குப் பின்கதவு ஒன்றுதான் வழி. வண்டித் தளத்தின் உயரத்துக்கே மேடை கட்டி ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் குடோனில் அது வேகம். மூட்டையை முதுகில் சுமந்து கடைசி வரை நடக்க வேண்டிய ஆலையில் நேரமும் கூலியும் கூடும். நீங்கள் ஏற்றப்போகும் ஜவ்வரிசி ஆலையில் மேடை இருக்கிறதா என்று ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

உங்கள் விஷயத்தில் தீர்மானிக்கப்போவது திரும்பி வரும் லோடு. நாசிக்கில் இருந்து தமிழ்நாட்டுக்குச் சுலபமாகக் கிடைப்பது வெங்காயம், அதற்கு லாசல்காவ் சந்தை இருக்கிறது. வெங்காயம் மூட்டைக்குள்ளும் மூச்சு விடும் சரக்கு. பெட்டிக்குள் அடைத்தால் சூடேறி வியர்த்துவிடும். அடிமூட்டை ஈரமாகிப் புளித்த வாடை வந்தால் இறக்கும் இடத்தில் கழிவு போட்டுத்தான் எடுப்பார்கள். மழைக்காலப் பயிரான புது வெங்காயத்தில் ஈரம் இன்னும் அதிகம். ஓப்பன் வண்டியில் மேலே தார்ப்பாய் கட்டிப் பக்கங்களில் காற்று விடலாம், அதுதான் வழக்கம். போகும்போது ஜவ்வரிசிக்கு நேர்மாறான கவலை, நனையக்கூடாது. நல்ல தார்ப்பாய் இரண்டு வாங்குங்கள், இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

இப்போது பணம். வாடகை நாளுக்கு நாள் மாறும், அதனால் கீழே உள்ளவை கணக்குப் போட நான் எடுத்துக்கொண்ட எண்கள். புக்கிங் ஆபீசில் கேட்டு உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு வழி சுமார் 1,200 கிலோமீட்டர். போக டன்னுக்கு ரூ.3,500, வர ரூ.3,000 என்றால் 18 டன்னுக்கு 63,000 + 54,000, மொத்தம் ரூ.1,17,000. லிட்டருக்கு நான்கு கிலோமீட்டர் வைத்தால் போய்வர 600 லிட்டர் டீசல், லிட்டர் ரூ.92 என்றால் ரூ.55,200. டோல், டிரைவர் பேட்டா, கமிஷன், வழிச்செலவு எல்லாம் சேர்த்து ரூ.35,000. மிஞ்சுவது ரூ.26,800. ஏற்ற, இறக்கக் காத்திருப்பதையும் சேர்த்தால் மாதத்துக்கு மூன்று நடை ஓடும். அதாவது ரூ.80,400.

இதே தடத்தில் மூடிய பாடி என்றால் போகும் லோடு பதினாறரை டன், வாடகை ரூ.57,750. வெங்காயம் ஏற்ற முடியாது. வெறுமனே திரும்பினால் டீசல் கொஞ்சம் மிச்சமாகும், ஆனாலும் அந்த நடை முழு நஷ்டம். வேறு லோடு தேடி மும்பை பக்கம் பிவண்டி வரை போய்க் காத்துக் கிடந்தால் மாதத்துக்கு ஒரு நடை குறைந்துவிடும்.

மச்சான் சொல்லும் ரீஃபரைப் பற்றி ஒன்று. வண்டியில் இருக்கும் மெஷின் சரக்கைக் குளிர வைக்காது, ஏற்கெனவே குளிர்ந்து வந்ததை அப்படியே காக்கும், அவ்வளவுதான். ஐஸ்கிரீம் மைனஸ் 18 டிகிரியில் ஏற வேண்டும். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் ஏற்றினால் மெஷினால் ஈடுகட்ட முடியாது. ஏற்றும்போதே இளகிய சரக்குக்கும் பழி வண்டிக்காரர் மேல்தான் விழும், இறக்கும் இடத்தில் வெப்பநிலைப் பதிவைப் பார்த்துவிட்டு லோடையே திருப்பி அனுப்புவார்கள். வண்டி நின்றாலும் மெஷின் ஓட வேண்டும், டீசல் குடிக்கும். மாதம் இத்தனை கிலோமீட்டருக்குக் குறையாமல் வாடகை தருகிறோம் என்று ஒரு கம்பெனி எழுத்தில் கொடுத்தால் யோசிக்கலாம். வாய்ப்பேச்சை நம்பி வேண்டாம்.

டேங்கரில் மாத வருமானம் ஓரளவு நிச்சயம் என்பது உண்மைதான். எண்ணெய் கம்பெனிகள் போக, வர இரண்டு வழிக் கிலோமீட்டருக்கும் சேர்த்தே வாடகை போடுவதால் வெறும் வண்டி திரும்புவது நஷ்டமில்லை. ஆனால் அதெல்லாம் டெண்டர் கிடைத்த பிறகு. டெண்டர் இல்லாத டேங்கரில் வேறு எதையும் ஏற்ற முடியாது, விற்பதும் கஷ்டம். துறைமுகக் கன்டெய்னர் இழுக்க டிரெய்லர் வேண்டும், அது உங்கள் பட்ஜெட்டுக்கே வெளியே.

சரி, 12 லட்சத்தை எப்படிப் போடுவது? புது வண்டியை ஒத்திப் போடுங்கள். 40 லட்சம் ஆகும் என்று வைத்து, 28 லட்சம் கடனை 10 சதவீத வட்டியில் ஐந்து வருஷத்துக்கு வாங்கினால் தவணை ரூ.59,500 வரும். மிச்சம் ரூ.21,000-க்குள் இன்சூரன்ஸ், டயர், ரிப்பேர் எல்லாம் அடங்காது. பழைய ஓப்பன் வண்டி 22 லட்சத்துக்கு அமைந்தால் ஒன்பது லட்சம் கையிலிருந்து போட்டு 13 லட்சம் கடன் வாங்குங்கள். 13 சதவீத வட்டி, 48 மாதம் என்றால் தவணை சுமார் ரூ.35,000. மீதி மூன்று லட்சத்தைத் தொடாதீர்கள். வாடகையில் ஒரு பங்கு, இறக்கிய ரசீது போய்ச் சேர்ந்த பிறகுதான் வரும். பத்து டயரில் நான்கு ஒரே மாதத்தில் போகலாம்.

வாங்கும் முன் ஆர்.சி.யில் பாடி வகை என்ன என்று பாருங்கள். ஆர்.சி. ஒரு மாதிரியும் வண்டி வேறு மாதிரியும் இருந்தால் அந்த வண்டி வேண்டாம். பிற்பாடு நீங்களே மூடிய பாடிக்கு மாற விரும்பினாலும் பட்டறைக்கு முன் ஆர்.டி.ஓ. அனுமதியும் கடன் கொடுத்தவரின் சம்மதமும் வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு அதைத்தான் சொல்கிறது. மாற்றியதை இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் தெரிவித்துவிடுங்கள்.