தாலாட்டு தூளி ஆட்டத்தோடு சேரவில்லை என்றால்

"ஊர் தென்காசிப் பக்கம், இப்போது காசிமேட்டில் மகன் வீடு. பேத்திக்கு நானே எழுதிய 'கடற்கரைக் காற்றடிக்கக் கண்ணுறங்கு சிட்டே' தூளி ஆட்டத்துக்குச் சேரவில்லை. என்ன செய்ய?"

வரியைப் பாதியாகக் குறையுங்கள். தூளி போகும்போது ஒரு சொல், திரும்பும்போது ஒரு சொல் போதும்.

ற்க, ற்ற, க்க என்று வல்லின ஒற்றுகள் அடுத்தடுத்து வருவதுதான் காரணம் என்று தோன்றுகிறது. ஒவ்வொன்றிலும் குரல் ஒரு நொடி அடைபடும். ர, ல, ம, ன, வ, ள வந்தால் நீட்டலாம். உங்கள் கடலையும் ஊர்ச் சாரலையும் விடாமல் இப்படி வைத்துப் பாருங்கள்:

ஆராரோ ஆரிரரோ
அலையோரம் கண்வளராய்
ஆராரோ ஆரிரரோ
தென்சாரல் மான்மகளே

குறில் 1, நெடில் 2, ஒற்று சேர்ந்த அசை 2, 'லை' நடுவில் வருவதால் 1 என்று எண்ணினால் ஒவ்வொரு சொல்லும் 6 வரும். அதனால்தான் ஆட்டத்தில் உட்காருகிறது. அடுத்த வரிகளில் மாமன் சீர், அத்தை பெயர் எல்லாம் வரட்டும், அளவு மட்டும் மாறக்கூடாது. ஆராரோவை ஒவ்வொரு முறையும் அப்படியே திருப்பிப் பாடுங்கள், பிள்ளை பிடித்துக்கொள்வது அந்த ஒலியைத்தான்.

சரிபார்க்க, சொற்களை விட்டுவிட்டு 'ரோ ரோ' என்று மட்டும் முனகியபடி தூளியை ஆட்டுங்கள். அப்புறம் சொற்களைப் போடுங்கள். கை தடுமாறும் இடத்தில் உள்ள சொல்லை மாற்றுங்கள்.

ஒன்று மட்டும்: பச்சைக் குழந்தை தூளியில் வளைந்து கிடக்கும், கழுத்து மடங்கி மூச்சு தடைப்படலாம். பக்கத்திலேயே இருங்கள், கண் அசந்ததும் கெட்டியான சமதளப் படுக்கையில் மல்லாக்கப் படுக்க வையுங்கள்.