புரோஸ்டேட் சிகிச்சைக்குப் பிறகு: பம்ப், மாத்திரை, பேக்கேஜ்

கேள்வி: எனக்கு 58 வயது. புரோஸ்டேட் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடிந்து ஐந்து மாதம். இரண்டு பக்க நரம்பையும் காப்பாற்றிவிட்டதாக டாக்டர் சொன்னார். ஆனால் விறைப்பு துளிகூட இல்லை. சில்டெனாஃபில் நான்கு முறை போட்டும் பயனில்லை. ‘நரம்பை உயிர்ப்பிக்கும்’ அதிர்வலை சிகிச்சை 12 தடவை எடுத்தால் உத்தரவாதம் என்கிறது ஒரு கிளினிக். முன்பணம் கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். ஐந்தாம் மாதத்தில் ஒன்றும் வராமல் இருப்பது உங்களுக்கு மட்டும் நேர்ந்தது அல்ல. பெரும்பாலானவர்களுக்கு அப்படித்தான் இருக்கும். அதைப் பயன்படுத்தித்தான் அந்த கிளினிக் உங்களிடம் வியாபாரம் பேசுகிறது.

விறைப்புக்கான நரம்புகள் புரோஸ்டேட்டின் இரு பக்கமும் மெல்லிய வலைபோல ஒட்டிக்கொண்டு போகின்றன. டாக்டர் அவற்றை வெட்டாமல் விலக்கி வைத்திருந்தாலும், இழுபட்டதிலும் சூடு பட்டதிலும் அவை செயலற்றுப் போகின்றன. அவை தேற மாதக்கணக்கில் ஆகும். பலருக்கு 18 முதல் 24 மாதம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகிறது. முதலில் வருவது முழு விறைப்பு அல்ல. விடியற்காலையில் உறுப்பு சற்றுக் கனத்து, லேசாகத் தடித்திருக்கும். பல மாதங்களுக்கு அதற்கு மேல் ஒன்றும் நடக்காமல் போகலாம். அந்தத் தடிப்பு வந்த தேதியை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது கையில் கணக்கு இருக்கும்.

மாத்திரை ஏன் பலிக்கவில்லை? விறைப்பைத் தொடங்கும் சைகையை நரம்புதான் அனுப்ப வேண்டும். மாத்திரை அந்தச் சைகையைப் பெரிதாக்குமே தவிர, தானாக உண்டாக்காது. நரம்பு அசையாமல் கிடக்கும் மாதங்களில் அது தோற்பது இயல்பு. வயிறு நிறையச் சாப்பிட்ட கையோடு போட்டீர்களா என்பதையும் யோசியுங்கள். சில்டெனாஃபிலுக்கு வெறும் வயிறு வேண்டும், ஒரு மணி நேர அவகாசம் வேண்டும், அப்புறம் தூண்டுதலும் வேண்டும். மாத்திரையைப் போட்டுவிட்டுச் சும்மா காத்திருந்தால் ஒன்றும் நடக்காது.

சரி, ‘பீனைல் ரீஹேப்’ என்று சொல்கிறார்களே, அது என்ன? ஆரோக்கியமான ஆணுக்குத் தூக்கத்தில் ஒவ்வொரு இரவும் பல முறை விறைப்பு வருகிறது. உறுப்பின் உள்திசுவுக்குப் புதிய ரத்தமும் ஆக்சிஜனும் கிடைப்பது அப்போதுதான். அறுவைக்குப் பின் அது நின்றுவிடுகிறது. நீண்ட நாள் இப்படியே போனால் உள்ளே இருக்கும் மென்மையான தசை குறைந்து, அந்த இடத்தில் தழும்பு போன்ற நார்த்திசு சேர்கிறது. உறுப்பு சுருங்கும். பின்னாளில் நரம்பு தேறினாலும் உள்ளே வந்த ரத்தம் நிற்காமல் கசிந்துவிடும். நரம்பு தேறும்வரை மாத்திரை, காற்றை உறிஞ்சி உறுப்புக்குள் ரத்தத்தை இழுக்கும் பம்ப், ஊசி இவற்றில் ஏதோ ஒன்றால் அந்த இடத்துக்கு ரத்தம் வரச் செய்து வீட்டைப் பூட்டிப் போடாமல் வைத்திருப்பதுதான் ரீஹேப்.

இதனால் நரம்பு சீக்கிரம் வரும் என்று யாராவது சொன்னால், அதற்கு ஆதாரம் இல்லை. 2014-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், இரு பக்க நரம்பும் காக்கப்பட்டவர்களுக்கு ஒன்பது மாதம் தினமும் தடாலாஃபில் 5 மில்லிகிராம் கொடுத்தார்கள். மாத்திரை போடும்வரை பலன் கூடுதலாகத் தெரிந்தது, உறுப்பு சுருங்குவதும் குறைந்தது. மாத்திரையை நிறுத்தி ஆறு வாரம் கழித்துப் பார்த்தபோது, தானாக வரும் விறைப்பில் மற்றவர்களுக்கும் இவர்களுக்கும் வித்தியாசம் இல்லை. அமெரிக்கச் சிறுநீரக இயல் சங்கத்தின் 2018 வழிகாட்டியும் இதை நோயாளியிடம் சொல்லிவிட வேண்டும் என்கிறது. அதிர்வலையை அதே வழிகாட்டி இன்னும் ஆய்வு நிலையில் உள்ளதாகவே வைத்திருக்கிறது. ஆய்வில் இருக்கும் ஒன்றை உத்தரவாதத்தோடு விற்கிறவரிடம் பணம் கட்டக் கூடாது. தவிர, 12 தடவை முடிவதற்குள் உங்களுக்கு ஒன்பதாம் மாதம் வந்துவிடலாம். அப்போது தானாக வரவிருந்த தடிப்பைக் காட்டி, “பாருங்கள், பலித்துவிட்டது” என்பார்கள். எனக்கு இதில் அதிகக் கோபம் தருவது இதுதான்.

கேள்வி: 64 வயது. இணையத்தில் ஒரு பம்ப் வாங்கினேன். அழுத்தத்தைக் காட்டவோ நிறுத்தவோ அதில் எதுவும் இல்லை. இரண்டாம் நாளே உறுப்பு முழுக்கச் சிவப்புப் புள்ளிகள். திருப்பி எடுக்க மாட்டோம், உடல்சார்ந்த பொருள் என்கிறார்கள்.

பதில்: நீங்கள் கவனக்குறைவாக இருந்து இப்படி ஆகவில்லை. பெட்டியில் எழுதியிருக்க வேண்டியதை எழுதாமல் விற்றது அவர்கள் குற்றம். குறைபாடுள்ள பொருள் என்று எழுத்தில் புகார் கொடுங்கள். புள்ளிகளைத் தேதியோடு படம் எடுத்து வையுங்கள்.

எனக்கும் இதே நடந்தது. எனக்கும் புரோஸ்டேட்டை எடுத்துவிட்டார்கள். மூன்றாம் மாதம் அவசரப்பட்டு, விலை குறைவு என்று ஒரு பம்ப் வாங்கினேன். வேகமாக இழுத்ததில் ஊசியால் குத்தியதுபோல மிளகாய்ச் சிவப்பில் புள்ளிகள் வந்தன. விளிம்பு பதிந்த இடத்தில் நீல வளையமாக ரத்தம் கட்டியது. பயந்துபோய் ஆறு வாரம் எதையும் தொடவில்லை. பணம் போனதைவிட அந்த ஆறு வாரம் போனதுதான் எனக்கு வருத்தம்.

வாங்கும்போது ஒரே ஒரு விஷயத்தைக் கட்டாயம் பாருங்கள். அளவுக்கு மீறி உறிஞ்சாமல் தானே காற்றை விடும் தடுப்பு வால்வு இருக்க வேண்டும். மருத்துவத்துக்கென்று தயாரிக்கும் பம்ப்களில் அது இருக்கும். குழாயின் உள் அளவும் உங்களுக்குப் பொருந்த வேண்டும். அகலம் கூடினால் விதைப்பையின் தோலும் சேர்ந்து உள்ளே போய் வலிக்கும்.

பயன்படுத்தும் விதம் இது. அடி ரோமத்தைக் கத்தரித்துவிடுங்கள், இல்லாவிட்டால் காற்று கசியும். விளிம்பிலும் உறுப்பிலும் தண்ணீரில் கரையும் ஜெல் தடவுங்கள். இரண்டு இழுப்பு இழுத்து, சில விநாடி நிறுத்தி, மறுபடி இழுங்கள். வலிக்கும் முன் நிறுத்துங்கள். சில நிமிடம் அப்படியே வைத்து, காற்றை விட்டு, மீண்டும் ஒருமுறை செய்யுங்கள். மொத்தம் 10 நிமிடம் போதும். விறைப்பு இறங்காமல் இருக்க உறுப்பின் அடியில் மாட்டும் வளையம் ரீஹேபுக்கு வேண்டாம். உடலுறவுக்கு மட்டும்தான் வளையம்.

பம்பில் வரும் விறைப்பு வேறு மாதிரி இருக்கும். தொட்டால் சற்றுக் குளிர்ச்சி, நிறத்தில் கொஞ்சம் நீலம், அடிப்பகுதியில் பிடிப்பில்லாமல் கீல்போல மடங்கும். இழுபட்டு வருவதில் பழைய ரத்தமும் கலந்திருப்பதால் அப்படி. அது கோளாறு இல்லை. நீளம் குறையாமல் காக்க பம்ப் உதவுகிறது, நரம்பைக் கொண்டுவராது. ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் பம்ப்பைத் தொடக் கூடாது.

கேள்வி: வளையத்தை இரவு முழுவதும் போட்டுக்கொண்டு தூங்கினால் பலன் கூடுமா? நண்பர் சொன்னார்.

பதில்: 30 நிமிடத்துக்கு மேல் ஒரு நிமிடம்கூடக் கூடாது. வளையம் ரத்த ஓட்டத்தை நிறுத்துகிறது, தூக்கத்தில் அதைக் கவனிக்க ஆள் இல்லை. வளையத்தோடு வந்த தாளில் இது இருந்திருக்கும். அதைப் படிக்காமல் நண்பரைக் கேட்டது தவறு.

கேள்வி: மூலிகை கேப்சூல், பக்க விளைவே கிடையாது என்கிறார்கள். நெஞ்சுவலிக்கு நாக்கடியில் மாத்திரை வைப்பவன் நான். சாப்பிடலாமா?

பதில்: தூக்கிப் போடுங்கள். இப்படி விற்கும் கேப்சூல்களுக்குள் பெயர் போடாமல் சில்டெனாஃபில் கலந்திருப்பதை அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் திரும்பத் திரும்பக் கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. அது உங்கள் நெஞ்சுவலி மாத்திரையோடு சேர்ந்தால் ரத்த அழுத்தம் சடாரென விழுந்து உயிருக்கே ஆபத்து.

கேள்வி: அறுவைக்கு நாள் குறித்தாகிவிட்டது. மருத்துவமனைக் கையேட்டில் ‘90 சதவீதம் பேருக்கு விறைப்பு திரும்புகிறது’ என்று இருக்கிறது. நம்பலாமா?

பதில்: 90 சதவீதம் யாருக்கு, எத்தனை மாதத்தில், மாத்திரையோடா மாத்திரை இல்லாமலா? இந்த மூன்றும் இல்லாத சதவீதம் விளம்பரம் மட்டுமே. மாத்திரை போட்டு எப்போதாவது ஒருமுறை உடலுறவு முடிந்ததையும் ‘திரும்பியது’ என்று எண்ணும் கணக்கு உண்டு. 50 வயதில் சர்க்கரை நோய் இல்லாதவர்களை மட்டும் எண்ணும் கணக்கும் உண்டு. வயதும், அறுவைக்கு முன் விறைப்பு எப்படி இருந்தது என்பதும், நரம்பு ஒரு பக்கம் காக்கப்பட்டதா இரு பக்கமா என்பதும்தான் முடிவை அதிகம் தீர்மானிக்கின்றன.

விறைப்பை அளக்க ஐந்து கேள்விகள் கொண்ட ஒரு படிவம் உண்டு, மொத்தம் 25 மதிப்பெண். 22 அல்லது அதற்கு மேல் இருந்தால் இயல்பு நிலை. அறுவைக்கு முன்பே அதை நிரப்பி ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு உங்கள் அறுவை டாக்டரிடம், “என் வயதில், இதே மதிப்பெண்ணோடு வந்த உங்கள் நோயாளிகளில் எத்தனை பேருக்கு இரண்டாம் ஆண்டில் மாத்திரை இல்லாமல் முடிந்தது?” என்று கேளுங்கள். விந்து வெளிவராது என்பதையும் அவர் வாயாலேயே கேட்டுவிடுங்கள். உச்சத்தின் உணர்வு இருக்கும், ஆனால் எதுவும் வெளிவராது. இதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை என்று எனக்கு வந்த கடிதங்கள் ஏராளம்.

கேள்வி: கதிர்வீச்சு முடிந்து இரண்டு ஆண்டு. முதல் வருடம் எல்லாம் நன்றாக இருந்தது. இப்போதுதான் குறைகிறது. நான் போடும் மாத்திரை போலியா?

பதில்: மாத்திரையைச் சந்தேகிக்கும் முன் கதிர்வீச்சைப் புரிந்துகொள்ளுங்கள். அறுவையில் முதல் நாளே எல்லாம் போய் மெல்லத் திரும்பும். கதிர்வீச்சில் அது தலைகீழ். முதலில் இருக்கும், ரத்தக் குழாய்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டு, மாதங்களிலும் ஆண்டுகளிலும் குறையும். அதைத் தடுக்க முன்கூட்டியே தினமும் தடாலாஃபில் சாப்பிட்டுப் பார்த்த ஆய்வில் பலன் தெரியவில்லை. ஆனால் குறைந்த பிறகு, தேவைப்படும்போது போட்டால் பலருக்கு மாத்திரை வேலை செய்கிறது. ஹார்மோன் ஊசியும் போட்டிருந்தால் ஆசையே குறைந்திருக்கும். ஊசியை நிறுத்திய பிறகும் டெஸ்டோஸ்டிரோன் திரும்ப மாதங்கள் ஆகும். அந்த அளவைப் பரிசோதித்துவிட்டு மேற்கொண்டு எதையும் வாங்குங்கள்.

கேள்வி: என் கணவருக்கு மாத்திரையும் பம்பும் ஒத்துவரவில்லை. உறுப்பில் போடும் ஊசியை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அவர் பயப்படுகிறார். மருந்தை வாங்கி வீட்டிலேயே தொடங்கலாமா அண்ணா?

பதில்: வீட்டில் தொடங்காதீர்கள் அம்மா. முதல் ஊசியை டாக்டர் முன்னால், குறைந்த அளவில் போட்டு, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். இதற்கு நரம்பின் உதவி தேவையில்லை. அதனால்தான் மாத்திரை தோற்ற இடத்திலும் இது வேலை செய்கிறது. ஊசி மெல்லியது. உறுப்பின் பக்கவாட்டில்தான் போடுவார்கள், மேலேயும் கீழேயும் போடக் கூடாது. எடுத்ததும் சில நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும், அடுத்த முறை மறுபக்கம். சிலருக்கு மருந்தே வலியைத் தரும். அப்படியானால் பொறுத்துக்கொள்ள வேண்டாம், மருந்தை மாற்றித் தரச் சொல்லுங்கள்.

விறைப்பு நான்கு மணி நேரம் தாண்டியும் இறங்கவில்லையென்றால் காலை வரை காத்திருக்காமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். எந்த மருத்துவமனை, எந்த எண் என்பதை முதல் நாளே எழுதிக் கதவில் ஒட்டுங்கள். அவர் கை நடுங்கினால் நீங்களே போடலாம். பல வீடுகளில் மனைவிதான் போடுகிறார். முதல் முறை கிளினிக்குக்கு இருவரும் சேர்ந்தே போங்கள்.