ஒரே கார், ஒரே வளைவு: அண்டர்ஸ்டியரும் ஓவர்ஸ்டியரும்

கேள்வி: கார் ரிவ்யூக்களில் அண்டர்ஸ்டியர், ஓவர்ஸ்டியர் என்கிறார்களே, அப்படி என்றால் என்ன? ஏன் வருகிறது? ஓட்டுபவரும் காரை வடிவமைப்பவரும் அதற்கு என்ன செய்கிறார்கள்?

ஸ்டீயரிங்கைத் திருப்பியும் கார் போதுமான அளவு திரும்பாமல் வளைவின் வெளிப்பக்கம் நோக்கிப் போனால் அண்டர்ஸ்டியர். பின்பக்கம் வெளியே தள்ளிக்கொண்டு போய், நாம் கேட்டதைவிடக் கார் அதிகமாகத் திரும்பினால் ஓவர்ஸ்டியர். முன் டயர்கள் முதலில் கைவிடுகின்றனவா, பின் டயர்களா என்பதுதான் வித்தியாசம்.

கைவிடுவது திடீரென்று நடப்பதில்லை. வளைவில் போகும் எந்த டயரும் தான் பார்க்கும் திசையில் அப்படியே உருளாது. ரப்பர் சற்று முறுக்கிக்கொள்வதால், பார்க்கும் திசைக்கும் போகும் திசைக்கும் நடுவே சில டிகிரி இடைவெளி இருக்கும். இதுதான் ஸ்லிப் ஆங்கிள். கோணம் கூடக் கூட டயர் தரும் பக்கவாட்டு விசையும் கூடும். சாதாரண டயரில் ஏறக்குறைய 6 முதல் 10 டிகிரிக்குள் உச்சம் வந்துவிடும். அதற்கு மேல் ஸ்டீயரிங்கை எவ்வளவு திருப்பினாலும் விசை கூடாது, குறையத்தான் செய்யும். முன் டயர்களின் கோணம் பெரிதாக இருந்தால் அண்டர்ஸ்டியர், பின் டயர்களின் கோணம் பெரிதாக இருந்தால் ஓவர்ஸ்டியர்.

இன்னொரு விஷயமும் தெரிய வேண்டும். டயர் மேல் எடை இரண்டு மடங்கானால் கிரிப் இரண்டு மடங்காவதில்லை, அதைவிடக் குறைவாகத்தான் கூடும். அதனால் நான்கும் ஒரே அளவு டயராக இருந்தால், காரின் எந்தப் பக்கம் கனமோ அந்தப் பக்கம்தான் முதலில் திணறும். எஞ்சினும் கியர்பாக்ஸும் முன்னால் இருக்கிற, முன் சக்கரங்களே இழுக்கிற நம் ஹேட்ச்பேக்குகள் அண்டர்ஸ்டியர் பக்கம் சாய்வது இதனால்தான். திருப்புவது, இழுப்பது, அதிக எடையைச் சுமப்பது மூன்றும் அந்த இரண்டு டயர்களின் தலையில்.

இரண்டையும் ஒரே காரில் பார்க்க வேண்டுமென்றால் 1960களின் போர்ஷே 911-ஐ எடுத்துக்கொள்ளலாம். எஞ்சின் பின் அச்சுக்கும் பின்னால் தொங்குகிறது. எடையில் ஏறத்தாழ 60 சதவீதம் பின்னால். ஆரம்பகால கார்களில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே 165 மி.மீ. அகல டயர்.

60 மீட்டர் ஆரமுள்ள வளைவில் இந்தக் கார் 70 கி.மீ. வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். பக்கவாட்டு முடுக்கம் சுமார் 0.64 g, அதாவது புவியீர்ப்பு முடுக்கத்தில் 0.64 பங்கு. அந்தக் காலத்து டயருக்கு எல்லை ஏறக்குறைய 0.8 g என்று கொண்டால், கையிருப்பு அதிகம் இல்லை. இப்போது ஆக்சிலரேட்டரை நன்றாக மிதித்தால் எடை பின்னுக்குப் போகும். ஏற்கெனவே லேசான மூக்கு இன்னும் லேசாகி, கார் அகலமாக வெளியே போகும். பின்கனமான காரிலும் அண்டர்ஸ்டியர்!

வளைவு இறுகுவதைப் பார்த்துப் பயந்து காலை எடுத்தால் கதை மாறுகிறது. எஞ்சின் பிரேக்கிங் 0.2 g அளவுக்குக் காரைப் பிடித்து இழுக்கிறது என்போம். கார் 1,080 கிலோ, ஈர்ப்பு மையம் தரையிலிருந்து அரை மீட்டர் உயரம், முன் பின் அச்சுகளுக்கு நடுவே 2.21 மீட்டர். கணக்குப் போட்டால் சுமார் 50 கிலோ பின்னிருந்து முன்னுக்கு மாறுகிறது. முன்னால் இருந்த 430 கிலோ 480 ஆகும். பின்னால் இருந்த 650 கிலோ 600 ஆகும். ஆனால் வளைவில் வெளியே தள்ளப் பார்க்கும் நிறை எங்கேயும் நகரவில்லை, எஞ்சின் பின்னாலேயேதான் இருக்கிறது. அதே வேலையைக் குறைந்த எடையுள்ள பின் டயர்கள் செய்ய வேண்டும். போதாததற்கு எஞ்சின் பிரேக்கிங்கும் அதே டயர்களின் வழியாகத்தான் நடக்கிறது. பின்பக்கம் சுழன்றுவிடும். காலை எடுத்ததும் வரும் இந்த ஓவர்ஸ்டியர்தான் 911-க்குக் கெட்ட பெயர் வாங்கித் தந்தது.

போர்ஷே முதலில் செய்தது ஒட்டுப்போடும் வேலை: முன் பம்பருக்குள் இரண்டு பக்கமும் 11 கிலோ எடையுள்ள வார்ப்பிரும்புத் துண்டுகள். எடையைக் குறைக்கப் பாடுபடும் கம்பெனி இரும்பைச் சுமக்க வைத்தது என்றால் பிரச்சினை எவ்வளவு தீவிரம் என்று புரியும். உருப்படியான தீர்வு 1969 மாடலில் வந்தது. எஞ்சினைத் தொடாமல் பின் சக்கரங்களை மட்டும் 57 மி.மீ. பின்னுக்குத் தள்ளினார்கள். ஒரு பேட்டரிக்குப் பதில் இரண்டு சிறிய பேட்டரிகளை முன் மூலைகளில் வைத்தார்கள். அப்புறம் பல ஆண்டுகளில் பின் சஸ்பென்ஷன் மாறியது, பின் டயர்கள் அகலமாகின. இப்போதைய 911 தலைமுறையான 992-இன் கரேராவில் முன்னால் 235, பின்னால் 295 மி.மீ.

டயர் அகலத்தைத் தவிர வடிவமைப்பவர் கையில் இருக்கும் வசதியான கருவி ஆன்ட்டி-ரோல் பார், அதாவது ஒரே அச்சின் இடது, வலது சஸ்பென்ஷன்களை இணைத்துக் கார் சாய்வதைக் குறைக்கும் கம்பி. முன்னால் அதைத் தடிமனாக்கினால், வளைவில் முன் அச்சின் உள் டயரிலிருந்து வெளி டயருக்கு அதிக எடை போகும். எடை கூடும் அளவுக்கு கிரிப் கூடாது என்று மேலே சொன்னதால் அந்த ஜோடியின் மொத்த கிரிப் குறைந்து அண்டர்ஸ்டியர் கூடும். வேண்டுமென்றே அண்டர்ஸ்டியரைக் கூட்டுவார்களா? சாலைக் கார்களில் அதைத்தான் செய்கிறார்கள். பயந்துபோன மனிதர் காலை எடுப்பார். அண்டர்ஸ்டியரில் அதுவே பெரும்பாலும் மருந்து. ரிவ்யூ எழுதுகிறவர்கள் இதைக் குறையாகச் சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வரும்.

ஓட்டும்போது எப்படித் தெரியும்? அண்டர்ஸ்டியரில் ஸ்டீயரிங் லேசாகிவிடும், முன் டயர்கள் கத்தும், மேலும் திருப்பினாலும் ஒன்றும் நடக்காது. அந்த நேரத்தில் இன்னும் திருப்புவது கோணத்தை உச்சத்துக்கு அப்பால் தள்ளும். ஆக்சிலரேட்டரை மெதுவாக விட்டு, ஸ்டீயரிங்கைச் சற்றே திரும்ப விட்டு, டயர் பிடிக்கும்வரை பொறுக்க வேண்டும். ஓவர்ஸ்டியர் கைக்கு முன் இடுப்புக்குத் தெரியும், இருக்கையே பக்கவாட்டில் நகர்வது போல. பின்பக்கம் போகும் திசையிலேயே ஸ்டீயரிங்கைத் திருப்பி, போக வேண்டிய இடத்தைப் பார்க்க வேண்டும். பிரேக்கை மிதித்தால் எடை இன்னும் முன்னுக்குப் போகும். கார் நேரானதும் ஸ்டீயரிங்கையும் உடனே நேராக்க வேண்டும். தாமதித்தால் எதிர்ப்பக்கம் இன்னும் வேகமாக வீசும், பலர் சுழல்வது அந்த இரண்டாவது வீச்சில்தான். பழைய 911 ஓட்டியவர்கள் பிரேக் வேலையை நேர்ச்சாலையிலேயே முடித்துவிட்டு, வளைவு முழுக்க ஆக்சிலரேட்டரில் லேசாகக் கால் வைத்திருப்பார்கள்.

இன்று இதில் பெரும்பகுதியை ESC என்ற மின்னணு நிலைப்புக் கட்டுப்பாடு செய்கிறது. ஓவர்ஸ்டியர் என்றால் வெளிப்பக்க முன் சக்கரத்துக்கு மட்டும் பிரேக் போடும்; அண்டர்ஸ்டியர் என்றால் பெரும்பாலும் உள்பக்கப் பின் சக்கரத்துக்கு. ஆனால் இருக்கிற கிரிப்பைப் பங்கிடத்தான் அதற்குத் தெரியும், புதிதாக உண்டாக்கத் தெரியாது.

அதனால் ஒரு சின்ன விஷயம். இரண்டு டயர் மட்டும் மாற்றினால் புதியதை முன்னால் போடச் சொல்வார்கள், முன் சக்கரம்தானே இழுக்கிறது என்று. பின்னால் போடச் சொல்லுங்கள். தேய்ந்த டயர் பின்னால் இருந்தால், மழையில் தண்ணீர் தேங்கிய வளைவில் காலை எடுத்ததும் உங்கள் ஹேட்ச்பேக்கே அந்தப் பழைய 911 போல நடந்துகொள்ளும்.