ஒட்டிய சீட்டுகளை நகர்த்துங்கள்

கேள்வி: உயிரியல் குறிப்புகளை ஸ்டிக்கி நோட்டில் எழுதி, மேஜைக்கு எதிர்ச்சுவர் முழுக்க ஒட்டியிருக்கிறேன். தினமும் பார்க்கிறேன். பார்க்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரிதான் இருக்கிறது. தேர்வில் எழுத உட்கார்ந்தால் வருவதில்லை. இடைவெளி விட்டுப் படி என்கிறார்கள். இந்தச் சுவரை வைத்தே அதைச் செய்ய முடியுமா? தேர்வுக்கு மூன்று மாதம் இருக்கிறது.

பதில்: தாராளமாக முடியும். ஆனால் சீட்டை எழுதும் விதமும் ஒட்டும் இடமும் மாற வேண்டும்.

முதலில் எழுதும் விதம். இப்போது உங்கள் சீட்டில் விஷயம் முழுவதும் முன்பக்கமே இருக்கிறது. கண் அதை அடையாளம் கண்டுகொள்கிறது, உடனே 'தெரியும்' என்று தோன்றிவிடுகிறது. தேர்வில் கேட்பதோ, எதிரில் ஒன்றும் இல்லாதபோது உள்ளிருந்து எடுத்துத் தருவதை. இரண்டும் வேறு வேறு வேலை. 2006-இல் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் இதைச் சோதித்தார்கள். மாணவர்களில் ஒரு பிரிவினர் ஒரு பகுதியைத் திரும்பவும் படித்தார்கள். இன்னொரு பிரிவினர் அதைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்களே சற்று முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, நினைவிலிருந்து எழுதியவர்களுக்கு 56 சதவீதமும் திரும்பப் படித்தவர்களுக்கு 42 சதவீதமும் நினைவிருந்தது. அந்த ஐந்து நிமிட வெற்றிதான் உங்கள் சுவர் தினமும் உங்களுக்குக் காட்டுவது.

ஆகவே முன்பக்கம் கேள்வி மட்டும் இருக்கட்டும், விடை பின்பக்கம் போகட்டும். 'ஈரிதழ் வால்வு - இதயத்தின் இடப்பக்கம்' என்று ஒட்டாமல், 'இடது ஏட்ரியத்துக்கும் இடது வென்ட்ரிக்கிளுக்கும் நடுவே உள்ள வால்வு எது?' என்று எழுதுங்கள். பின்னால், பசை இல்லாத கீழ்ப்பகுதியில் 'ஈரிதழ் வால்வு' என்று எழுதுங்கள். ஒரு சீட்டுக்கு ஒரு கேள்வி, ஒரு விடை. அதற்கு மேல் வேண்டாம்.

அடுத்தது ஒட்டும் இடம். சுவரை ஐந்து கட்டங்களாகப் பிரித்து, மேலே 1, 2, 4, 8, 16 என்று எழுதிவையுங்கள். அந்தக் கட்டத்துக்கு வரும் சீட்டை எத்தனை நாள் கழித்து எடுக்க வேண்டும் என்பதே அந்த எண். புதுச் சீட்டு முதல் கட்டத்தில் தொடங்கும். விடை சரியானால் அடுத்த கட்டத்துக்குப் போகும். தவறினால் எந்தக் கட்டத்தில் இருந்தாலும் முதல் கட்டத்துக்கே திரும்பும். ஒவ்வொரு முறை நகர்த்தும்போதும் அடுத்து எடுக்க வேண்டிய தேதியை மூலையில் பென்சிலால் குறித்துவிடுங்கள். அந்தத் தேதி வரும்வரை சீட்டைத் தொடக்கூடாது. 1970-களில் செபாஸ்டியன் லைட்னர் அட்டைகளையும் பெட்டியையும் வைத்துப் பரப்பிய முறை இது. இங்கே பெட்டி சுவரேறியிருக்கிறது, அவ்வளவுதான்.

அந்த வால்வுச் சீட்டையே எடுத்துக்கொள்வோம். ஒன்றாம் தேதி எழுதுகிறீர்கள். 2-ஆம் தேதி சரியாகச் சொன்னதால் இரண்டாம் கட்டத்துக்குப் போகிறது. குறிக்கும் தேதி 4. அன்றும் சரி, மூன்றாம் கட்டம், தேதி 8. எட்டாம் தேதி 'மூவிதழ் வால்வு' என்று சொல்லிவிடுகிறீர்கள். சீட்டு முதல் கட்டத்துக்கு வருகிறது, தேதி 9. அதிலிருந்து தவறாமல் போனால் 11, 15, 23 என்று நகர்ந்து, 23-ஆம் தேதிக்குப் பிறகு பதினாறு நாள் சும்மா இருக்கும். எட்டாம் தேதித் தவறு இன்னொன்றையும் காட்டியது: இடப்பக்கமும் வலப்பக்கமும் உங்களுக்குக் குழம்புகின்றன. அன்றே 'ஈரிதழ், மூவிதழ்: வலப்பக்கம் எது?' என்று தனிச்சீட்டு ஒன்று போட்டுவிடுங்கள். சீட்டு தவறுவதில் எனக்குப் பிடித்ததே இதுதான், எங்கே சிக்கல் என்று குறிப்பாகச் சொல்லிவிடும்.

நாளுக்கு எத்தனை புதுச் சீட்டு என்பதில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். முதல் நாள் உற்சாகத்தில் நாற்பது எழுதினால் அவை மறுநாள் நாற்பதாக வரும், அதற்குள் புதிதாக நாற்பது சேர்ந்திருக்கும். ஐந்து என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதம் ஆனபின் ஒவ்வொரு கட்டத்திலிருந்தும் நாளுக்கு ஐந்து வரும், மொத்தம் 25. தவறித் திரும்புபவற்றையும் சேர்த்தால் முப்பதுக்குப் பக்கம். கால் மணி நேர வேலை. சுவரில் மட்டும் 155 சீட்டு இருக்கும். தனித்தனியே ஒட்டினால் ஏறக்குறைய ஒரு சதுர மீட்டர் பிடிக்கும். அதனால் ஒரே தேதி உள்ள சீட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒட்டுங்கள். 155 சீட்டு 31 அடுக்காகிவிடும். இதில் பெரிய லாபம் வேறொன்று: தேதி வராத கேள்விகள் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்காது. மறக்க ஆரம்பிக்கும் தறுவாயில் முயன்று எடுப்பதால்தான் நினைவு உறுதிப்படுகிறது. தினமும் கண்ணில் பட்டால் அந்த முயற்சிக்கே இடமில்லை.

அன்றைய அடுக்குகளைச் சுவரிலிருந்து எடுத்து, கலைத்துப்போட்டுவிட்டு உட்காருங்கள். கலைக்காவிட்டால் 'இதற்கு அடுத்தது அது' என்ற வரிசையும், மூலையில் இருக்கும் மஞ்சள் சீட்டு என்ற இடமும் நிறமும் விடையைக் காட்டிக்கொடுக்கும். சுவர் முன்னால் வந்து, வேறிடத்தில் வராத விடைகள் பெரும்பாலும் இப்படிப்பட்டவையே. விடையை வாய்விட்டுச் சொல்லிய பிறகோ எழுதிய பிறகோதான் திருப்ப வேண்டும். 'நுனிநாக்கில் இருந்தது' என்பது தவறுதான், முதல் கட்டம். சீட்டைக் கீழிருந்து மேலாக இழுத்தால் சுருண்டுகொள்ளும். பக்கவாட்டில் உரித்தால் நேராக இருக்கும், பசையும் நீடிக்கும்.

நான்காவது முறையாக ஒரு சீட்டு முதல் கட்டத்துக்குத் திரும்பினால் உங்கள் நினைவைக் குறை சொல்ல வேண்டாம், சீட்டைச் சந்தேகப்படுங்கள். 'இதயத்தின் நான்கு வால்வுகளும் அவற்றின் வேலையும்' போன்ற சீட்டு எப்போதும் தவறும், ஏனென்றால் அதற்குள் எட்டுக் கேள்விகள் இருக்கின்றன. கிழித்துப் போட்டுவிட்டு எட்டாகப் பிரியுங்கள். எழுதியும் புரியாத விஷயமாக இருந்தால் பாடத்துக்குத் திரும்புங்கள். புரியாததைச் சுவரில் ஏற்றினால் வெறும் சொற்களாக மனப்பாடமாகி நிற்கும். கணக்குப் போடுவது, படம் வரைந்து பாகம் குறிப்பது, நீண்ட விடை எழுதுவது இவையெல்லாம் சீட்டில் அடங்காது. அவற்றுக்குத் தாளும் பேனாவும் தனி நேரமும் வேண்டும்.

இரண்டு மூன்று நாள் விட்டுப்போனால் தேதிகளை மாற்றாதீர்கள். புதுச் சீட்டை நிறுத்திவிட்டு, தேங்கியதை முதல் கட்டத்திலிருந்து வரிசையாக முடித்துவிட்டுத் தொடருங்கள்.

ஒரு சீட்டு ஐந்து கட்டங்களையும் தாண்ட 31 நாள் ஆகும். அதனால் தேர்வுக்கு ஒரு மாதம் இருக்கும்போது புதுச் சீட்டு எழுதுவதை நிறுத்திவிடலாம். அதற்குள் சுமார் 300 சேர்ந்திருக்கும். ஐந்தாம் கட்டத்தையும் தாண்டிய சீட்டுகளை ஓர் உறையில் போட்டு, மாதம் ஒருமுறை எடுத்துக் கேட்டுப் பாருங்கள். அதில் தவறுவது எதுவோ, அது மறுபடி சுவரேறட்டும்.